பெங்களூரு வெயிலில் தோல் வெந்துபோனால்: முதல் இரவிலிருந்து தோல் உரியும் நாள் வரை, கேள்வியும் பதிலும்

ஞாயிறு காலை ஒன்பதரையிலிருந்து நாலு மணி வரை கிரிக்கெட் டோர்னமெண்ட். காற்று ஜில்லென்று இருந்தது, பெரிதாக வியர்க்கக்கூட இல்லை. அப்புறம் எப்படித் தோல் எரிந்தது?

தோலைச் சுடுவது வெயிலின் சூடு இல்லை, அதிலுள்ள புற ஊதாக் கதிர். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, உடம்பாலும் உணர முடியாது. சென்னையில் பதினொரு மணிக்கே அனல் தாங்காமல் ஆளே நிழலுக்கு ஓடிவிடுவார். பெங்களூரில் காற்று அந்தச் சூட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடுவதால், ஓடச் சொல்லி உடம்பு எச்சரிப்பதில்லை. கதிர் மட்டும் நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கிறது.

அந்தக் கதிர் இங்கே குறைவும் இல்லை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்துக்கு 10 சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடும். தவிர, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகலில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாத நாட்கள் அவை. மார்ச் முதல் மே வரை நண்பகல் வெயில் உச்சந்தலையை ஒட்டியே இறங்குகிறது. மெல்லிய மேகம் இருந்தாலும் கதிரில் பெரும்பகுதி அதைத் தாண்டி வந்துவிடும். தெர்மாமீட்டரைப் பார்ப்பதைவிட உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்களைவிடக் குட்டையாக இருந்தால் தோல் சுடும் நேரம் அது.

வீட்டுக்கு வந்தபோது லேசான சிவப்பு, அவ்வளவுதான். இரவு பத்து மணிக்குச் சட்டையே போட முடியவில்லை. இன்னும் கூடுமா?

கூடும். சன்பர்னில் பலர் ஏமாறும் இடம் இதுதான். அடுப்பில் சுட்டுக்கொண்டால் அந்த நொடியே தெரிந்துவிடும். வெயில் அப்படி இல்லை. தோலின் மேலடுக்கிலுள்ள உயிரணுக்களைக் கதிர் உள்ளுக்குள் சேதப்படுத்துகிறது. சேதமான உயிரணுக்கள் சில வேதிப்பொருட்களைச் சுரக்க, அவை ரத்தக் குழாய்களை விரியவைத்து வலியையும் வீக்கத்தையும் கொண்டுவருகின்றன. இதற்கெல்லாம் சில மணி நேரம் பிடிக்கும். வெயில் பட்ட 3 முதல் 6 மணி நேரத்தில் எரிச்சல் தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்றாம் நாள் வாக்கில் தணிய ஆரம்பிக்கும். கொப்புளம் வருவதானால் பெரும்பாலும் மறுநாள்தான் வரும்.

ஆகவே ஞாயிறு மாலை கண்ணாடியில் பார்த்து 'பரவாயில்லை' என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். திங்கள் மாலை பார்த்தால்தான் எவ்வளவு வெந்திருக்கிறது என்று தெரியும். சிகிச்சையை மட்டும் ஞாயிறு மாலையே தொடங்கிவிட வேண்டும்.

நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதும் ஒரு சிக்கல். கருத்த தோலில் சன்பர்ன் கூடுதல் கருப்பாகவோ பழுப்பும் ஊதாவும் கலந்தோ தெரியலாம், நிறமே மாறாமலும் போகலாம். கையால் பாருங்கள். வெயில் பட்ட தோள்மேல் புறங்கையை வைத்து, சட்டை மூடியிருந்த வயிற்றோடு ஒப்பிடுங்கள். தோள் கொதித்தால், தோல் இழுத்துக் கட்டியது போல இருந்தால், துண்டு உரசினாலே வலித்தால், அது சன்பர்ன்தான். 'கருத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது' என்பது பொய். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

உடனே குளிர்விக்க ஐஸ் வைக்கலாமா? எவ்வளவு நேரம்?

ஐஸ் வேண்டாம். வெந்த தோலில் நேராக ஐஸ் பட்டால் ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கிவிடும். ஏற்கெனவே அடிபட்ட தோலுக்கு ரத்த ஓட்டமும் குறைந்தால் காயம் ஆழமாகலாம். எரிச்சலில் மரத்துப்போன இடத்தில் ஐஸ் கடிப்பதும் தெரியாது. ஃபிரிட்ஜ் தண்ணீரும் தேவையில்லை, சாதாரணக் குளிர்ந்த தண்ணீர் போதும்.

இங்கே வீடுகளில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மொட்டைமாடி பிளாஸ்டிக் தொட்டி பகலெல்லாம் காய்ந்து, மாலை ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். அதிலேயே குளித்துவிட்டு 'எரிச்சல் கூடிவிட்டது' என்பவர்கள் உண்டு. ஒரு பக்கெட்டில் பிடித்துக் குளியலறைத் தரையில் ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள். அவசரமென்றால் குடிநீர் கேனிலிருந்தோ மண்பானையிலிருந்தோ எடுத்துத் துணியை நனைக்கலாம்.

பழைய பருத்தி வேட்டியோ மெல்லிய துண்டோ எடுத்து நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, எரியும் இடத்தில் 10 முதல் 15 நிமிடம் போர்த்துங்கள். துணி சூடேறியதும் மறுபடி நனையுங்கள். முதல் இரண்டு நாள் இதை 3, 4 முறை செய்யலாம். தோளும் முதுகும் சேர்ந்து எரிந்தால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பது எளிது. ஷவரை வேகமாகத் திறந்தால் அந்த அடியே வலிக்கும். வெந்த இடத்தில் சோப்பும் நாரும் கூடாது. உடம்பு நடுங்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள், குழந்தைக்கும் வயதானவருக்கும் இது சீக்கிரம் வரும்.

குளித்தபின் துடைக்காமல் துண்டால் ஒற்றி எடுங்கள். தோலில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் லோஷனைப் பூசினால் அந்த ஈரம் உள்ளேயே நிற்கும்.

கற்றாழை, தயிர், எலுமிச்சை, தேங்காய் எண்ணெய், மஞ்சள், டூத்பேஸ்ட். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் பூசுவது?

இந்தப் பட்டியலில் கற்றாழைக்கு மட்டும் இடம் உண்டு, அதுவும் தோல் கிழியாமல் இருந்தால். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவி, உள்ளே இருக்கும் தெளிவான சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். அந்த மஞ்சள் பால் சிலருக்கு அரிப்பைத் தரும். கடையில் வாங்கும் ஜெல்லில் வாசனையும் ஆல்கஹாலும் இல்லாததாகப் பாருங்கள். கற்றாழை இல்லையென்றால் கலமைன் லோஷன் அரிப்பைக் கொஞ்சம் அடக்கும்.

எலுமிச்சையைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். அதன் சாறு பட்ட தோலில் மறுபடி வெயில் பட்டால் கொப்புளமும், பின்னால் மாதக்கணக்கில் போகாத கரும் திட்டும் வரும். 'டேன் போகும்' என்று தடவி, கோடு கோடாக வாங்கிக்கொள்பவர்கள் ஏராளம். தேங்காய் எண்ணெய், நெய், வாசலின் போன்ற பிசுக்கான பொருட்கள் முதல் நாள் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். தோல் குளிர்ந்த பிறகு, உரியும் கட்டத்தில் எண்ணெயால் தீங்கில்லை. தயிர் பூசினால் குளுமையாகத்தான் இருக்கும். ஆனால் கொப்புளம் உடைந்த இடத்தில் அது கிருமிக்கு வைக்கும் விருந்து. அந்தத் தயிரை மோராக்கிக் குடியுங்கள். மஞ்சளும் டூத்பேஸ்டும் காயத்தை மறைத்துவிடும், டாக்டர் பார்க்கும்போது முதலில் அதைத்தான் கழுவ வேண்டியிருக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் 'தீக்காய ஆயின்மென்ட்' கேட்டால் பெரும்பாலும் வெள்ளி கலந்த களிம்பைத் தருவார்கள். தோல் கிழியாத சன்பர்னுக்கு அது வேண்டியதில்லை, சல்ஃபா அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆபத்தும்கூட. ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் காளான் மருந்தும் ஒன்றாகக் கலந்த டியூபும் வேண்டாம். மரத்துப்போகவைக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், அதிலுள்ள மருந்தே சிலருக்கு அலர்ஜியாகும்.

வலி மாத்திரை போடலாமா? ஜுரம் அடிக்கிற மாதிரியும் இருக்கிறது.

முதல் 24 மணி நேரத்தில் போட்டால் பலன் அதிகம். பெரியவர்களுக்கு ஐபுபுரோஃபென் 400 மி.கி. ஒன்று, சாப்பிட்ட பிறகு. தேவைப்பட்டால் 8 மணி நேரம் கழித்து இன்னொன்று. டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளில் 1200 மி.கி.யைத் தாண்டக் கூடாது, இரண்டு நாளுக்கு மேல் தொடரவும் வேண்டாம். அல்சர், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஐபுபுரோஃபெனுக்கு மூச்சிரைப்பு வரும் ஆஸ்துமா, இவற்றில் எது இருந்தாலும் பாராசிட்டமால்தான். 500 அல்லது 650 மி.கி., 6 மணி நேர இடைவெளியில்.

நாள் முழுக்க வெயிலில் காய்ந்து தண்ணீர் குடிக்காமல் வந்தவர் நேராக ஐபுபுரோஃபென் விழுங்குவது சிறுநீரகத்துக்கு நல்லதில்லை. முதலில் தண்ணீர் குடித்து, ஒருமுறை சிறுநீர் போன பிறகு போடுங்கள்.

லேசான ஜுரமும் குளிரும் பெரிய சன்பர்னோடு வரும். ஆனால் பெங்களூரில் ஜூனுக்குப் பிறகு டெங்கும் சுற்றும். வெந்த இடத்தில் மட்டும் வலிக்காமல் மூட்டு, கண்ணின் பின்புறம் எல்லாம் வலித்து ஜுரமும் ஏறினால், வெயில் மீது பழியைப் போட்டு ஐபுபுரோஃபென் சாப்பிடாதீர்கள். டெங்குவில் அது ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லையே?

வெந்த தோலுக்குள் ரத்தக் குழாய்கள் கசிவதால் உடம்பின் நீர் அங்கே தேங்குகிறது. கொப்புளத்துக்குள் நிற்பதும் அதே நீர்தான். மைதானத்தில் போன வியர்வை வேறு. வியர்க்கவில்லை என்று நினைப்பீர்கள். பெங்களூரு காற்றில் வியர்வை வழிவதற்கு முன்பே உலர்ந்துவிடும், போனது போனதுதான்.

வேறு நோயில்லாத பெரியவர், வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரு லிட்டரை மெதுவாகக் குடிக்கலாம். ஒரே மூச்சில் குடித்தால் வாந்திதான் வரும். பிறகு விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு டம்ளர், சுமார் 200 மி.லி. அளவு சரியா என்பதைச் சிறுநீரே சொல்லும். வைக்கோல் நிறத்தில், நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போனால் சரி. அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ போதவில்லை.

வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிக்காமல் உப்பும் சேர வேண்டும். உப்பு போட்ட நீர்மோர், ரசம், கஞ்சி, இங்கே எளிதில் கிடைக்கும் ராகி அம்பலி, எல்லாம் நல்லவை. தலை சுற்றலோ தசைப்பிடிப்போ இருந்தால் ஓ.ஆர்.எஸ். பொடி வாங்கி, ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரிலேயே கலக்குங்கள். பாதித் தண்ணீரில் கலந்தால் உப்புச் செறிவு இரட்டிப்பாகும். பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் பல, ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்றவை. 2025-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது அதனால்தான். பொடி கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டும் தலைதட்டி. உப்பு கூடிவிட்டால் ஆபத்து, கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

மேட்ச் முடிந்ததும் பீர் என்பது இந்த ஊர் வழக்கம். அன்றைக்கு மட்டும் வேண்டாம், அது இருக்கிற நீரையும் வெளியே தள்ளும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த அளவுகள் பொருந்தாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் அதைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

என் கணவர் கை இல்லாத ஜெர்சி போட்டு விளையாடினார். திங்கள் காலை இரண்டு தோளிலும் பட்டாணி பட்டாணியாகக் கொப்புளம், வலது தோளில் ஒன்று மட்டும் எலுமிச்சை அளவு. லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகணும் என்கிறார். ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடலாமா?

குத்த வேண்டாம், பையும் மாட்ட வேண்டாம். கொப்புளத்தின் மேல்தோல்தான் இப்போதைக்கு அவருக்குக் கிடைத்திருக்கும் சிறந்த கட்டு. கிருமி புகாத, உள்ளே ஈரமுள்ள அந்தக் கூரைக்குக் கீழே புதுத் தோல் வளர்கிறது. வீட்டு ஊசியை நெருப்பில் காட்டிவிட்டுக் குத்தினாலும் அந்த ஓட்டை வழியே தோலின் மேலுள்ள கிருமி உள்ளே போகும்.

முதலில் அளந்து பாருங்கள். அவருடைய கையின் ஒரு உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவர் உடம்பின் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். வெறும் சிவப்பை விட்டுவிட்டுக் கொப்புளமுள்ள இடத்தை மட்டும் கணக்கிடுங்கள். தோளுக்கு ஒரு உள்ளங்கை வீதம் இரண்டு, பின்கழுத்தில் அரை என்று வைத்தால் இரண்டரை சதவீதம். முகம், கை, பிறப்புறுப்பு எதிலும் இல்லை, வாந்தி மயக்கம் இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒரு உள்ளங்கையைத் தாண்டிய கொப்புளத்தை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. திங்கள் மாலைக்குள் பக்கத்து கிளினிக்குக்குப் போகலாம். கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டார் என்பதையும் கேட்பார்கள், யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எலுமிச்சை அளவு கொப்புளம் விண்ணென்று இழுத்துக்கொண்டு கையைத் தூக்கவிடாமல் செய்தால், டாக்டர் கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் துளையிட்டு நீரை மட்டும் வடிப்பார், மேல்தோலை அப்படியே படியவிடுவார். அதை அவர் செய்யட்டும். பட்டாணிகளைத் தொடவே வேண்டாம்.

வீட்டில் தினம் ஒருமுறை இப்படிச் செய்யுங்கள். உங்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொப்புளமுள்ள இடத்தில் சுத்தமான தண்ணீரை ஊற்றி, மென்மையான சோப்பு நுரையை விரலால் தொட்டும் தொடாமலும் வைத்துக் கழுவி, ஒற்றி உலர்த்துங்கள். மேலே பாரஃபின் காஸ். மெடிக்கல் ஷாப்பில் தனித்தனி உறையில் கிடைக்கும், காயத்தில் ஒட்டாது. அதன்மேல் சாதாரண காஸ் ஒரு மடிப்பு. பிளாஸ்டரை வெந்த தோலில் ஒட்டினால் எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும், அதனால் நல்ல தோல்வரை காஸை நீட்டி அங்கே ஒட்டுங்கள். பஞ்சை நேராக வைக்காதீர்கள், இழை இழையாக ஒட்டிக்கொள்ளும். தளர்வான பழைய பருத்திச் சட்டை போதும். குப்புறப் படுக்கட்டும், அல்லது ஒருக்களித்து.

செவ்வாயன்று இன்னும் இரண்டொரு புதுக் கொப்புளம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஞாயிறன்று வெந்ததுதான் மெதுவாக மேலே வருகிறது. புதன் வாக்கில் வலி தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால் மறுபடி காட்டுங்கள். அடுத்த ஞாயிறு வாக்கில் பெரும்பாலான கொப்புளம் வற்றிக் காகிதம் போல ஒட்டியிருக்கும். பை தோளில் ஏறுவது அதற்குப் பிறகுதான், அதுவரை கையில் தூக்கிக்கொள்ளட்டும். பைக்கைவிட மெட்ரோவில் போவது நல்லது, காரென்றால் சீட் பெல்ட் உரசும் இடத்தில் மடித்த துண்டு வைக்கலாம்.

கொப்புளம் தூக்கத்தில் உடைந்துவிட்டது. மஞ்சளாக நீர் வருகிறது. சீழா?

தெளிவான வெளிர் மஞ்சள் நீர், தண்ணீர் போல இருந்து, காய்ந்ததும் தேன் நிறத்தில் லேசாகப் படிந்தால் அது கொப்புள நீர். கெட்டியாக, கலங்கலாக, நாற்றத்தோடு வந்தால் சீழ். அதைவிட நம்பகமான அடையாளம் வலியின் போக்கு. சன்பர்ன் வலி நாளுக்கு நாள் குறையும். மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடினால், வெந்த எல்லையைத் தாண்டிச் சூடும் வீக்கமும் பரவினால், அக்குள் பக்கமாகச் சிவப்புக் கோடு ஓடினால், கிருமி தொற்றிவிட்டது. அன்றே டாக்டரைப் பாருங்கள். நல்ல தோலின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் பரவுகிறதா என்பது காலையில் தெளிவாகத் தெரியும்.

உடைந்த மேல்தோலை இழுத்துப் பிய்க்காதீர்கள். கழுவி, அதை மெல்ல விரித்துப் படியவைத்து, வாசலின் மெல்லிசாகப் பூசி, ஒட்டாத காஸ் போடுங்கள். முதல் நாள் வேண்டாமென்ற வாசலின் இப்போது வேண்டும், திறந்த இடம் காய்ந்து வெடிக்கக் கூடாது. தொங்கி நிற்கும் காய்ந்த துணுக்கு சட்டையில் மாட்டினால் அதை மட்டும் சுத்தமான கத்தரியால் வெட்டலாம்.

நெற்றிதான் எரிந்தது. காலையில் பார்த்தால் இரண்டு கண்ணிமையும் வீங்கியிருக்கிறது.

நெற்றியில் தேங்கிய நீர் படுத்திருந்தபோது கீழே இறங்கியிருக்கிறது, இமைத்தோல் தளர்வானது, அங்கே வந்து நிற்கும். தலையணையை உயர்த்திப் படுத்தால் ஒன்றிரண்டு நாளில் வடியும். ஆனால் கண்ணுக்குள் மணல் விழுந்தது போல உறுத்தல், வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை மங்கல் இருந்தால் கருவிழியே வெந்திருக்கலாம். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.

பதினோரு பேர் விளையாடினோம், எனக்கு மட்டும்தான் இப்படி. ஏன்?

முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள். முகப்பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, வலிக்கான நாப்ராக்சன் போன்ற மருந்துகள் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாத வெயில் இவர்களைச் சுட்டுவிடும். பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் தோலை மெலிதாக்கி அதே வேலையைச் செய்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கும். மருந்தே இல்லாமல் அரை மணி நேர வெயிலுக்கே தடிப்பும் மூட்டுவலியும் வருகிறது என்றால் அது வேறு கதை, தோல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

எப்போது வீட்டு வைத்தியம் போதாது?

இரண்டு விதம் உண்டு, கலந்துவிடாதீர்கள்.

ஒன்று வெப்பத்தாக்கு. பேச்சு குழறுவது, இடம் தெரியாமல் உளறுவது, மயக்கம், வலிப்பு, உடம்பு 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது. இங்கே தோலை மறந்துவிடுங்கள், உயிர்தான் முதலில். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மேலே சொன்ன ஐஸ் தடை இந்த நிலைக்குப் பொருந்தாது. கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம்.

மற்றது தோலின் காயம் பெரிதாக இருப்பது. நாலைந்து உள்ளங்கைக்கு மேல் கொப்புளம், முகத்திலோ கையிலோ பிறப்புறுப்பிலோ கொப்புளம், 39 டிகிரிக்கு மேல் ஜுரம், குடித்ததெல்லாம் வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் கொப்புளம் என்றால் அளவு பார்க்கவே வேண்டாம், போய்விடுங்கள். சிவாஜிநகர், அல்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு பவுரிங் மருத்துவமனை கிட்டே இருக்கிறது. பெரிய காயமென்றால் கே.ஆர். மார்க்கெட் பக்கத்து விக்டோரியா மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டது, கடைசியாகச் சிறுநீர் எப்போது, இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.

குழந்தைக்கும் எரிந்திருக்கிறது. எட்டு மாதம்.

ஒரு வயதுக்குள் சன்பர்ன் என்றால் லேசாகத் தெரிந்தாலும் டாக்டர் பார்க்க வேண்டும், தோல் மெல்லியது, நீரும் சீக்கிரம் வற்றும். போகும் வழியில் தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். ஈரத்துணி போதும், குளிர்ந்த தண்ணீரில் இறக்காதீர்கள். ஆஸ்பிரின் எந்த வயதுக் குழந்தைக்கும் கூடாது. பாராசிட்டமால் சிரப் எடைக்குத் தகுந்த அளவில்தான், கிலோவுக்கு 15 மி.கி. ஒரே பெயரில் சொட்டு மருந்தும் சிரப்பும் வேறு வேறு செறிவில் வரும், பாட்டிலைப் படிக்காமல் ஊற்றக் கூடாது.

தோல் உரிகிறது, அரிக்கிறது, கீழே திட்டுத் திட்டாகக் கருப்பு. எப்போது மறுபடி மைதானத்துக்குப் போகலாம்?

நாலாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் உரியும். சேதமான உயிரணுக்களை உடம்பே கழிக்கிறது. உரிந்துவரும் தோலைத் தேய்த்தோ ஸ்க்ரப் போட்டோ எடுத்தால் அடியிலுள்ள முற்றாத தோல் கிழியும். அரிப்புக்கு ஈரத்துணியும் அடிக்கடி மாய்ஸ்சரைசரும், தூக்கம் கெட்டால் டாக்டரைக் கேட்டு ஒரு அலர்ஜி மாத்திரை.

கரும் திட்டு நம் தோலில் வழக்கம், மெதுவாகத்தான் மங்கும், மாதங்கள் ஆகலாம். பிளீச்சும் 'டேன் ரிமூவல்' ஃபேஷியலும் அந்த நேரத்தில் எரிச்சலைக் கிளப்பித் திட்டை ஆழமாக்கிவிடும்.

மைதானத்துக்கு, தோல் முழுக்க மூடி, தொட்டால் வலிக்காமல், துண்டு உரசினால் எரியாமல் ஆன பிறகு போகலாம். கொப்புளம் வந்த தோளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் வையுங்கள். திறந்த புண்ணில் சன்ஸ்கிரீன் பூசக் கூடாது, துணியால் மூடுவதுதான் அங்கே வழி. மூடிய பிறகு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாததை, முகத்துக்கும் கழுத்துக்குமே இரண்டு விரல் நீளம் பிதுக்கி, இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். ஓவர் பிரேக்கில் டியூபைத் தேட யாருக்கும் பொறுமை இருக்காது. முழுக்கை ஜெர்சியும், பின்கழுத்தை மறைக்கும் அகன்ற தொப்பியும் போட்டால் பூச வேண்டிய இடமே பாதியாகிவிடும்.